மழை மறைவுப் பகுதி: மலைக்கு இந்தப் பக்கம் கொட்டுது, அந்தப் பக்கம் காயுது, ஏன்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மலை மேகத்தை தடுத்து நிறுத்திடுது, அதனாலதான் பின்பக்கம் மழை இல்லன்னு ஸ்கூல்ல படிச்சோமே, அது சரிதானா?

பாதி சரி. சுவர் கட்டி தண்ணிய தடுக்குற மாதிரி மலை மேகத்தை தடுக்குதுன்னு நெனச்சா பின்னாடி வர்ற எதுவுமே புரியாது. காத்து பெரும்பாலும் மலைய தாண்டி போகுது, அதோட கணிசமான ஈரமும் கூடவே போகுது. மேகம்னு நாம பாக்குறது ஒரு பொருளா மிதந்து வந்து மலையில முட்டி நிக்கல, காத்து மலை ஏறும்போது அந்த இடத்துலயே மேகம் புதுசா உண்டாகிட்டே இருக்கு, காத்து இறங்குற இடத்துல கரைஞ்சுட்டே இருக்கு. ஒரே மேகம் மணிக்கணக்கா உச்சியில உக்காந்திருக்க மாதிரி தெரியும், ஆனா அதுக்குள்ள காத்து வேகமா ஓடிட்டேதான் இருக்கும்.

அதனால "ஈரம் ஏன் தாண்டி வரல"ன்னு கேக்காம, "தாண்டி வந்த காத்து ஏன் மழையா மாற மாட்டேங்குது"ன்னு கேட்டாதான் விஷயம் பிடிபடும். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சுத்தி சுத்தி பேசப்போறோம்.

காத்து மேல ஏறினா ஏன் குளிருது? மேல போனா சூரியனுக்கு பக்கத்துலதானே போகுது?

சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு, 3 கிலோமீட்டர் மலை ஏறினதால அதுல ஒண்ணும் ஆகாது. மேல போகப்போக சுத்தி இருக்கற காத்தழுத்தம் குறையுது, அதனால ஏறுற காத்து விரியுது, விரியணும்னா சுத்தி இருக்கற காத்தை தள்ளணும், தள்றதுக்கு சக்தி வேணும், அதை வெளியில இருந்து யாரும் குடுக்கல, அதனால தன் சொந்த வெப்பத்துல இருந்தே எடுத்து செலவு பண்ணுது. டயர் வால்வை அமுக்கி காத்தை வெளிய விட்டா சில்லுனு வருமே, அதேதான். பம்ப் அடிக்கும்போது பம்ப்போட அடிப்பகுதி சூடாகுறது இதுக்கு நேர் எதிர், அது பின்பக்கம் இறங்குற காத்தோட கதை.

மேகம் உருவாகாத வரைக்கும் இந்த குளிர்ச்சிக்கு ஒரே கணக்குதான், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 10 டிகிரி செல்சியஸ். மேகம் உருவாக ஆரம்பிச்சதும் கணக்கு மாறிடும். நீராவி திரும்ப தண்ணியா மாறும்போது, கடல்ல அது ஆவியாக வாங்கின வெப்பத்தை (பாடப்புத்தகத்துல உள்ளுறை வெப்பம்னு போட்டிருக்குமே அது) திருப்பி குடுத்துடுது, அதனால காத்து மெதுவா குளிருது, வெதுவெதுப்பான ஈரக்காத்துல கிலோமீட்டருக்கு 5 டிகிரி மாதிரிதான் இறங்கும். ரொம்ப குளிர்ந்த காத்துல நீராவியே கொஞ்சமாதான் இருக்கும், அங்க இந்த சலுகை குறைவு, 8, 9 டிகிரி வரைக்கும் போகலாம்.

10, 5 இந்த ரெண்டு நம்பரையும் மனசுல வச்சுக்கோங்க, வேற எதுவும் தேவையில்ல.

சரி, நம்பர் போட்டே காட்டுங்க. ஒரு காத்து ஏறி இறங்குனா என்னதான் ஆகுது?

3000 மீட்டர் உயர மலைன்னு வச்சுக்குவோம், ரெண்டு பக்கமும் அடிவாரம் கடல் மட்டத்துல இருக்கு. கடல்ல இருந்து வர்ற காத்தோட வெப்பம் 25 டிகிரி, டியூ பாயின்ட் 17 டிகிரி. டியூ பாயின்ட்னா அந்த காத்தை அப்படியே குளிர வச்சுட்டே போனா எந்த வெப்பத்துல பனித்துளி கட்ட ஆரம்பிக்குமோ அது, காத்துல எவ்ளோ தண்ணி இருக்குங்கறதுக்கு நேர்மையான அளவு அதுதான். இந்த காத்தோட ஈரப்பதம் சுமார் 61 சதவீதம், ஒரு கிலோ காத்துல சுமார் 12 கிராம் நீராவி இருக்கும்.

காத்து ஏற ஆரம்பிக்குது. முதல் 1000 மீட்டர்ல 10 டிகிரி இறங்கி 15 ஆகுது. டியூ பாயின்ட்டும் அழுத்தம் குறையறதால மெதுவா இறங்கி கிட்டத்தட்ட அதே 15க்கு வந்துடும். ரெண்டும் சந்திச்சாச்சு, மேகத்தோட அடிப்பாகம் இங்கதான். (இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, வெப்பத்துக்கும் டியூ பாயின்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல பெருக்குனா மேகத்தோட அடி எத்தனை மீட்டர்ல இருக்கும்னு தோராயமா வந்துடும், இங்க 8 டிகிரி வித்தியாசம், 8 × 125 = 1000.)

அடுத்த 2000 மீட்டர் மேகத்துக்குள்ளயே ஏறுது, கிலோமீட்டருக்கு 5 டிகிரி கணக்குல 10 டிகிரி இறங்கி உச்சியில 5 டிகிரி. அந்த உயரத்துல, அந்த வெப்பத்துல ஒரு கிலோ காத்து சுமார் 7.9 கிராம் நீராவிதான் வச்சுக்க முடியும். 12ல மிச்சம் 4 கிராமுக்கு கொஞ்சம் மேல இருக்கறது மேகமாகி, அது முழுசும் மழையா இந்தப் பக்க சரிவுலயே விழுந்துடுச்சுன்னு வச்சுக்குவோம்.

இப்ப காத்து பின்பக்கம் இறங்குது. மேகத்துளி எதுவும் மிச்சம் இல்ல, ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்க ஆளே இல்ல, அதனால மொத்த 3000 மீட்டரும் 10 டிகிரி கணக்குலயே சூடாகுது. 5 + 30 = 35 டிகிரி. 25ல கிளம்பின காத்து அதே உயரத்துக்கு 35ஆ வந்து சேருது, ஈரப்பதம் சுமார் 22 சதவீதம்.

இருங்க, 12 கிராம்ல 8 கிராம் இன்னும் காத்துலயே இருக்கே! மூணுல ரெண்டு பங்கு தண்ணி கைவசம் இருந்தும் ஏன் மழை இல்ல?

இந்த இடத்துலதான் நெறைய பேர் தடுக்கி விழறாங்க, ஏன்னா "மழை எல்லாம் முன்னாடியே பெஞ்சு தீந்துடுச்சு, அதான் பின்னாடி இல்ல"ன்னு சொல்ற விளக்கம் கேக்க நல்லா இருக்கும், ஆனா மேல போட்ட கணக்கே அதை ஒத்துக்கல. போனது மூணுல ஒரு பங்குதான்.

அதே 125 வித்தைய பின்பக்கத்துக்கு போட்டு பாருங்க. வெப்பம் 35, மிச்சம் இருக்கற 8 கிராமுக்கு டியூ பாயின்ட் சுமார் 10. வித்தியாசம் 25 டிகிரி, 25 × 125 = 3000 மீட்டருக்கும் கொஞ்சம் மேல. அதாவது முன்பக்கம் 1000 மீட்டர் தூக்குனாலே மேகமான காத்து, பின்பக்கம் வந்ததும் 3000 மீட்டர் தூக்குனாத்தான் மேகமாகும். ஆச்சரியமே வேணாம், அது கடைசியா மேகமா இருந்த உயரமே அதுதானே, தாண்டி வந்த மலையோட உயரத்துக்கு திரும்ப ஏறினாதான் பழையபடி நிறையும். ஆனா தூக்கறதுக்கு அங்க இன்னொரு 3000 மீட்டர் மலை இல்ல, அது போதாதுன்னு காத்து அந்த நேரத்துல கீழ்நோக்கி இறங்கிட்டு இருக்கு, தூக்குறதுக்கு நேர் எதிரான வேலை.

அதனால மழை மறைவுன்னா ஈரம் தீந்துபோன இடம்னு நினைக்காம, மேகத்தோட அடி எட்டாத உயரத்துக்கு போயிட்ட இடம்னு நினைச்சா சரியா வரும். அங்க தப்பித்தவறி மேகம் கட்டி மழை விழுந்தாலும் 3 கிலோமீட்டர் வறண்ட காத்துல விழுந்து வரணும், பாதி வழியிலயே ஆவியாகிடும். மேகத்துக்கு கீழ சாம்பல் கலர்ல தாடி மாதிரி தொங்கும், தரைக்கு வந்து சேராது.

நிஜத்துல இதை அளந்து பாத்த இடம் எதாவது சொல்லுங்க, கணக்கு எல்லாம் பேப்பர்ல நல்லாதான் இருக்கும்.

எனக்கு பிடிச்ச உதாரணம் அமெரிக்காவோட வடமேற்கு மூலையில இருக்கற ஒலிம்பிக் மலைகள். ஏன் பிடிக்கும்னா சின்ன இடம், உயரமான சிகரமே 2400 மீட்டர் சொச்சம்தான், ஆனா விளைவு முரட்டுத்தனமா தெரியும். குளிர்காலத்துல பசிபிக் கடல்ல இருந்து தென்மேற்கு காத்தோட ஈரம் வந்து மோதுது, மேற்கு பக்கம் ஹோ பள்ளத்தாக்குல வருஷத்துக்கு சுமார் 3500 மில்லிமீட்டர் மழை, மரத்துல எல்லாம் பாசி போர்வை மாதிரி தொங்குற மழைக்காடு. அங்கிருந்து வடகிழக்கால 100 கிலோமீட்டருக்குள்ள, மலைக்கு பின்னாடி, சீக்விம்னு ஒரு ஊர், அங்க வருஷத்துக்கு சுமார் 400 மில்லிமீட்டர்தான். விவசாயம் பண்ண 1890கள்லயே வாய்க்கால் வெட்டி ஆத்துத் தண்ணிய கொண்டு வர வேண்டியிருந்தது, அதுவும் கடலோரத்துல இருக்கற ஊருக்கு! அந்த ஆத்துல ஓடறதும் பக்கத்து மலையில விழுந்து உருகுற பனிதான், வானம் தராததை மலை சுத்தி வளைச்சு தருது.

இந்த இடத்துல இன்னும் ரெண்டு விஷயம் தெரியும். ஒண்ணு, மறைவு ஒரே இடத்துல ஆணி அடிச்சு வச்சது கிடையாது. காத்து தென்மேற்குல இருந்து வந்தா மறைவு வடகிழக்குல விழுது, காத்து வடமேற்குக்கு திரும்பினா மறைவும் தென்கிழக்கு பக்கமா நகர்ந்துடும், சீக்விம்லயும் அன்னிக்கு மழை விழலாம். வரைபடத்துல பாக்குற 400 மில்லிமீட்டர்ங்கறது நூத்துக்கணக்கான புயல் நாட்களோட சராசரி நிழல், ஒரு நாளோட நிழல் இல்ல.

ரெண்டாவது, காத்து எல்லாமே மலை ஏறாது. ஒரு பகுதி மலைய ரெண்டு பக்கமும் சுத்திக்கிட்டு போகும், பின்னாடி சியாட்டில் பக்கத்துல போய் ரெண்டு பிரிவும் நேருக்கு நேர் மோதும், மோதுன காத்துக்கு போக இடம் இல்லாம மேல எழும்பும், அங்க ஒரு குறுகலான பட்டையில மட்டும் மழை கொட்டும். மலைக்கு பின்னாடியே மழைப் பட்டை! பியூஜெட் சவுண்ட் ஒருங்கல் மண்டலம்னு அதுக்கு தனிப்பேரே இருக்கு. "மலைக்கு பின்னாடின்னா வறட்சி"ன்னு மனப்பாடம் பண்ணி வச்சவங்களுக்கு இது நல்ல மருந்து.

காத்து எப்ப மலை ஏறும், எப்ப சுத்திப் போகும்?

மூணு விஷயம் சேர்ந்து முடிவு பண்ணுது, காத்தோட வேகம், மலையோட உயரம், காத்து எவ்ளோ அடுக்கடுக்கா செட்டிலாகி இருக்குங்கறது. கீழ குளிர்ந்த கனமான காத்தும் மேல சூடான லேசான காத்தும் இருந்தா, கீழ இருக்கறதை தூக்குறது கஷ்டம், தூக்கினாலும் திரும்ப கீழயே வரத்தான் பாக்கும். சாதாரணமா இருக்கற ஒரு நிலைமையில, நொடிக்கு 10 மீட்டர் வேகக் காத்து, அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர், சுமார் 1000 மீட்டர் ஏறுற அளவுக்குத்தான் தெம்போட இருக்கும். அதுக்கு மேல உயரமான மலைன்னா அடிக்காத்து முட்டி தேங்கிடும் இல்லன்னா வழி தேடி பக்கவாட்டுல போகும், உச்சிய தாண்டறது மேல் அடுக்கு காத்து மட்டும்தான். மலை நடுவுல கணவாய் இருந்தா அது வழியா காத்து பீறிட்டு வரும், ஆனா ஏறாம வந்த காத்துங்கறதால வேகம் இருக்கற அளவுக்கு மழை இருக்காது.

ஆனா மேகம் உருவாகி உள்ளுறை வெப்பம் வெளிய வர ஆரம்பிச்சுட்டா கதை மாறும், அந்த வெப்பம் காத்தை லேசாக்கி ஏற உதவும். அதான் ஈரக்காத்து வறண்ட காத்தை விட சுலபமா மலை ஏறும்.

எவ்ளோ உயர மலை வேணும்? இமயமலை மாதிரி இருந்தாத்தானா?

வேணவே வேணாம். மேகாலயால சிரபுஞ்சி 1300 மீட்டர் மாதிரி உயரத்துலதான் இருக்கு, வங்காளதேச சமவெளியில இருந்து வர்ற ஈரக்காத்து தட்டையா வந்து திடீர்னு அந்த செங்குத்து சரிவுல ஏறுது, வருஷ சராசரி 11,000 மில்லிமீட்டருக்கும் மேல. அங்கிருந்து ரோட்டுல 50 கிலோமீட்டர் சொச்சம் வடக்கால இருக்கற ஷில்லாங்ல 2200 மாதிரிதான். ஷில்லாங் சிரபுஞ்சிய விட கொஞ்சம் உயரத்துலதான் இருக்கு, இருந்தும் அஞ்சுல ஒரு பங்கு.

இதுல கவனிக்க வேண்டியது, 2200 மில்லிமீட்டர்ங்கறது எந்த கணக்குலயும் வறட்சி இல்ல. மழை மறைவுன்னா பாலைவனம்னு அர்த்தம் கிடையாது, முன்பக்கத்தோட ஒப்பிட்டா குறைவுன்னு மட்டும்தான் அர்த்தம்.

அப்போ மலை உயர உயர உச்சியில மழையும் கூடிட்டே போகுமா?

இல்ல. காத்துல இருக்கற தண்ணியில பெரும்பகுதி கீழ 2, 3 கிலோமீட்டருக்குள்ளயே இருக்கு, மேல போகப்போக பிழியறதுக்கு சரக்கு இல்ல. அதனால ரொம்ப உயரமான மலையில அதிக மழை உச்சியில விழாது, முன்பக்க சரிவோட நடுப்பகுதியிலயோ அடிப்பகுதியிலயோ விழும்.

ஹவாய்ல இது கண்ணாடி மாதிரி தெரியும். அங்க வர்ற வணிகக் காத்துக்கு சுமார் 2000 மீட்டருக்கு மேல ஒரு மூடி இருக்கு, அந்த உயரத்துல வெப்பம் குறையறதுக்கு பதிலா கூடும், கீழ இருந்து ஏறுற ஈரக்காத்து அதை உடைச்சுட்டு போக முடியாது. காவாய் தீவுல வையாலியாலே மலை 1569 மீட்டர்தான், மூடிக்கு கீழயே இருக்கு, அதனால காத்து உச்சி வரைக்கும் ஏறி கொட்டுது, உலகத்துலயே அதிக மழை விழற இடங்கள்ல ஒண்ணு. பெரிய தீவுல மௌனா கியா 4207 மீட்டர், மூடிய ஓட்டை போட்டுக்கிட்டு மேல நிக்குது, காத்து அதை ஏறாம சுத்திப் போகுது, அடிவாரத்து ஹீலோ ஊர்ல வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல மழை, உச்சியில அதுல சின்ன பங்குதான். பெரிய டெலஸ்கோப் எல்லாம் அங்க கொண்டு போய் வச்சதுக்கு அந்த வறண்ட தெளிவான வானமும் ஒரு காரணம்.

உச்சியைத் தாண்டின உடனே சட்டுனு மழை நின்னுடுமா? கோடு போட்ட மாதிரி?

கோடு இருக்கும், ஆனா பெரும்பாலும் உச்சியில இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். மேகத்துல துளி உருவாகறது ஒரு இடம், அது தரைக்கு வந்து சேர்றது வேற இடம், நடுவுல காத்து அதை தள்ளிக்கிட்டே போகுது.

சின்னதா கணக்கு பாக்கலாம். தரையில இருந்து 2000 மீட்டர் மேல ஒரு துளி கிளம்புது, காத்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்துல அடிக்குது. மழைத்துளி நொடிக்கு 6 மீட்டர் மாதிரி விழும், கீழ வர 330 நொடி ஆகும், அதுக்குள்ள 5 கிலோமீட்டர் தள்ளப்படும். அதே இடத்துல பனிச்செதில் கிளம்பினா அது நொடிக்கு 1 மீட்டர்தான் விழும், 2000 நொடி, 30 கிலோமீட்டர்! அதனால பனி பெய்யற காலத்துல உச்சிக்கு பின்னாடி இருக்கற முதல் சரிவும் நல்லா நனையும், மழை மறைவு அதுக்கும் பின்னாடிதான் ஆரம்பிக்கும். கம்மியான அகலம் உள்ள மலையில இப்படி வழிஞ்சு விழறதே பின்பக்கத்துக்கு பெரிய வரவா இருக்கும். மழைமானி ஒண்ண உச்சிக்கு பின்னாடி 3 கிலோமீட்டர்ல வச்சுட்டு "இங்க மறைவே இல்லையே"ன்னு சொல்றவங்க மாட்டிக்கிறது இதுலதான், இன்னும் 20 கிலோமீட்டர் தள்ளி ஒண்ணு வச்சிருக்கணும்.

ஒரு மலைக்கு எப்பவும் ஒரே பக்கம்தான் வறட்சியா?

காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுங்கறதை பொறுத்தது, மலைக்கு சொந்தமா வறண்ட பக்கம்னு ஒண்ணு கிடையாது. ஆண்டிஸ் மலைத்தொடர எடுத்துக்கோங்க, ஒரே மலைத்தொடர், ஆனா தெற்கு கோடியில மேற்கத்திய காத்து அடிக்குது, அங்க சிலி பக்கம் சொட்ட சொட்ட ஈரம், கிழக்கால அர்ஜென்டினாவோட படகோனியா வறண்ட புல்வெளி. அப்படியே வடக்கால பெரு, பொலிவியா வரைக்கும் போனா காத்து அமேசான் பக்கம் இருந்து வருது, அங்க கிழக்கு சரிவுல காடு, மேற்கால காய்ஞ்ச மண்.

காலத்தை பொறுத்தும் மாறும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து, கேரளா நனையுது, தமிழ்நாட்டோட பெரும்பகுதி மறைவுல இருக்கு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் காத்து வடகிழக்குல இருந்து திரும்பிடுது, தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி அப்பதான் வருது. மலை நகரவே இல்ல, நிழல்தான் நகர்ந்துச்சு.

மலைக்கு பின்னாடி வறண்ட பூமின்னா அது மழை மறைவுதான்னு சொல்லிடலாமா?

அவசரப்படாதீங்க. அட்டகாமா பாலைவனம்தான் இதுக்கு சரியான பாடம். ஆண்டிஸ் பின்னாடி இருக்கு, கிழக்குல இருந்து வர்ற ஈரத்தை மலை மறிக்குதுங்கறது உண்மை, ஆனா பக்கத்துலயே முழு பசிபிக் கடல் கிடக்கே, அங்க இருந்து ஏன் மழை வரல? கரையோரமா ஹம்போல்ட்னு குளிர்ந்த நீரோட்டம் ஓடுது, அது கடல் மேல இருக்கற காத்தை அடியில குளிர வச்சு எழும்ப விடாம பண்ணிடுது, அதுக்கு மேல அந்த அட்சரேகையில வருஷம் முழுக்க மேல இருந்து காத்து இறங்கிட்டே இருக்கு. மூணும் சேர்ந்துதான் அந்த வறட்சி, மலைய எடுத்துட்டாலும் அது பசுமையாகிடாது.

பிரிச்சு பாக்க நான் பண்றது இதுதான். மழை கொண்டு வர்ற காத்து எந்த மாசத்துல எந்த திசையில அடிக்குதுன்னு முதல்ல பாக்கணும், அதே மாசத்துல முன்பக்கமும் பின்பக்கமும் எவ்ளோ விழுதுன்னு தனித்தனியா பாக்கணும். அந்த மாசத்துல முன்பக்கம் எகிறி பின்பக்கம் படுத்துக்கிடந்தா மலைதான் காரணம். ரெண்டு பக்கமும் சேர்ந்தே படுத்துக்கிடந்தா மலைய குத்தம் சொல்லாதீங்க, வேற எங்கயோ இருக்கு காரணம். வருஷ மொத்தத்தை மட்டும் வச்சுக்கிட்டு பேசுனா ரெண்டும் ஒண்ணா தெரியும்.

மறைவுப் பகுதியில பெருமழையே வராதா? நம்பி வீடு கட்டலாமா?

வரும், நம்பாதீங்க. இமயமலைக்கு பின்னாடி லே ஊர்ல வருஷ மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான், அங்க 2010 ஆகஸ்ட்ல ராத்திரி நேரத்துல கொட்டுன மேகவெடிப்புல வெள்ளமும் சேறும் சேர்ந்து 200 பேருக்கு மேல செத்துப்போனாங்க. மலை பண்றது அடிக்காத்தை பிழியற வேலை. மேல் அடுக்குல ஈரம் வேற பாதையில வந்து, தரையும் சூடாகி இடிமேகம் செங்குத்தா கிளம்பிட்டா மலையோட நிழலுக்கு அங்க வேலை இல்ல. வறண்ட சரிவுல மண்ணை பிடிச்சு வைக்க செடியும் குறைவு, அதனால அதே அளவு மழை அங்க பண்ற சேதம் அதிகம்.

பின்பக்கம் இறங்குற அந்த சூடான காத்து, ஆல்ப்ஸ்ல ஃபோன் காத்துன்னு சொல்றாங்களே, அது எப்பவும் முன்னாடி மழை பெஞ்சதாலதானா?

மேல நான் போட்ட கணக்கு அப்படித்தான் சொல்லும், 25ல கிளம்பி 35ல இறங்குச்சு இல்லையா, அந்த 10 டிகிரியும் மழையோட பரிசு. ஆனா முன்பக்கம் ஒரு துளி மழை கூட இல்லாத நாள்லயும் பின்பக்கம் சூடான காத்து வீசறதை பாத்திருக்காங்க. காரணம் சுலபம், அடிக்காத்து முன்னாடியே முட்டி தேங்கி நின்னுடும், பின்பக்கம் இறங்கறது உச்சி உயரத்துலயே வந்த மேல்காத்து, அது முதல்லயே வறண்டது, 3000 மீட்டர் இறங்கினா 30 டிகிரி சூடாகிடும். நிஜத்துல பெரும்பாலான நாள்ல ரெண்டும் கலந்துதான் நடக்குது. அதோட என் கணக்குல மேகம் முழுசும் மழையா விழுந்துடுச்சுன்னு சொன்னேன், அதுவும் தாராளம்தான், கொஞ்சம் மேகத்துளி உச்சிய தாண்டி பின்பக்கம் போய் ஆவியாகி வெப்பத்தை திரும்ப வாங்கிக்கும், அதனால 35 வராது, 30, 32ன்னு நிக்கும்.

இதையெல்லாம் நாமளே கண்ணால பாக்க வழி இருக்கா?

சாட்டிலைட் படம் ஒண்ணு போதும், மழை நாளா பாத்து எடுங்க. மலைக்கு முன்பக்கம் வெள்ளையா அடைச்சுக்கிட்டு இருக்கும், உச்சியோரமா மேகம் கத்தியால வெட்டுன மாதிரி முடியும், அதுக்கு பின்னாடி தரை தெரியற ஒரு ஓட்டை, அந்த ஓட்டை மலைக்கு இணையாவே நீளமா போகும். அந்த ஓட்டைய தாண்டி வரி வரியா மேகம் இருந்தா காத்து மலை தாண்டி அலையா குதிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அலை மேல ஏறுற இடத்துல மேகம், இறங்குற இடத்துல வெறும் வானம். தரையில நின்னு பாத்தா பின்பக்கத்துல இருந்து உச்சியில ஒரு வெள்ளைச் சுவர் எட்டிப் பாக்கும், அதோட ஓரம் கீழ இறங்க இறங்க புகை மாதிரி கரையும், பத்து நிமிஷம் பாத்தாலும் சுவர் ஒரு அடி கூட முன்னாடி நகராது. கரையற அந்த ஓரம்தான் காத்து சூடாக ஆரம்பிக்கற இடம்.